அரிசி எங்கே உடைந்தது? ஐந்து கிலோ நெல்லை அவித்துக் காயவைத்த கணக்கு

பாபநாசம் பக்கத்தில் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் சம்பா. போட்டிருந்தது சி.ஆர். 1009, எங்கள் பக்கம் பொன்மணி என்றும் சொல்வார்கள். குட்டையாக, தடிமனாக இருக்கும் மணி, பெரும்பாலும் புழுங்கலுக்குப் போவது. தை கடைசியில் அறுத்திருக்க வேண்டிய பயிர், அறுவடை இயந்திரம் கிடைக்காமல் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளி மாசியில்தான் அறுபட்டது. வீட்டுச் செலவுக்கு ஒரு மூட்டையைப் பச்சரிசியாக அரைத்துக்கொண்டு வந்தார்கள். முறத்தில் கொட்டிப் பார்த்தால் ஏகப்பட்ட நொய். "மில்லுல உடைக்கிறானா, இல்ல நெல்லே அப்படியா? நீதான் அதைப் படிக்கிறியே, பார்த்துச் சொல்லு" என்றார் சித்தப்பா. நான்காம் ஆண்டு உணவுத் தொழில்நுட்பச் செய்முறைக்கு எனக்கும் ஒரு தலைப்பு தேவைப்பட்டது. நாற்பது கிலோ நெல்லைச் சாக்கில் கட்டி எடுத்து வந்தேன். கீழே இருப்பது அந்த மூன்று வார வேலை, பிசகிய இடங்களோடு.

அரைப்பதற்கு முன்னால்

சித்தப்பாவின் கேள்விக்கு அரைத்துப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அரைத்த பிறகு எல்லா நொய்யும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் முதலில் நெல்லைக் கையால் உரித்தேன். இயந்திரத்தில் உரித்தால் ரப்பர் உருளையின் அழுத்தமே புது விரிசல் போட்டுவிடும் என்பதால் நூறு மணியை நகத்தால் உரித்து, ஒரு கண்ணாடித் தகட்டில் பரப்பி, அடியில் கைபேசி விளக்கை எரியவிட்டுப் பார்த்தேன். நல்ல மணி முழுக்க ஒரே சீராக ஒளிவிடும். விரிசல் விட்ட மணியில் குறுக்கே முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரியும். சிலவற்றில் இரண்டு மூன்று. நூற்றில் 38 மணிகளில் கோடு இருந்தது. இவை மில்லின் வாசலைக்கூட மிதிக்காத நெல்.

பனிதான் காரணம். கதிர் முற்றிக் காய்ந்து மணியின் ஈரம் 15, 16 சதவீதத்துக்குக் கீழே போன பிறகு, மாசிப் பனி இரவில் அதை நனைக்கிறது. வெளிப்புறம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. நடுப்பகுதிக்கு அந்த ஈரம் போய்ச்சேர நேரம் ஆகும். வெளிப்புறம் விரிய, நடு விரியாமல் இருக்க, நடுப்பகுதி இழுபட்டுக் குறுக்கே கீறுகிறது. மறுநாள் வெயில் மறுபடி காயவைக்கிறது, அடுத்த இரவு மறுபடி நனைகிறது. இப்படிப் பத்து இரவு நின்ற பயிர் அது. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது இதே பனி பெரிதாக ஒன்றும் செய்யாது, மணி இன்னும் இளக்கமாக இருப்பதால் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும்.

அப்புறம் பச்சையாகவே அரைத்தேன். கல்லூரி ஆய்வகத்தில் ரப்பர் உருளை வைத்த சிறிய உமி நீக்கி ஒன்றும், கல் உரசித் தவிடு எடுக்கும் சிறிய பாலிஷர் ஒன்றும் இருக்கின்றன. 200 கிராம் நெல் போட்டேன். உமி போனபின் பழுப்பரிசி 157 கிராம். பாலிஷ் போட்டபின் 144.4 கிராம். பள்ளத் தட்டில் ஆட்டி நொய்யைப் பிரித்து, மிச்சத்தைக் கையால் சரிபார்த்ததில் முழு அரிசி 86 கிராம். முழு மணி நீளத்தில் முக்கால் பங்காவது இருந்தால்தான் முழு அரிசிக் கணக்கில் சேரும்.

இங்கே நிறைய பேர் குழம்புகிறார்கள், நானும் முதல் அறிக்கையில் குழப்பித்தான் எழுதினேன். ஹெட் ரைஸ் ரெகவரி, அதாவது முழு அரிசி மீட்பு, நெல்லின் எடைக்குக் கணக்கிடுவது: 86 ÷ 200 = 43 சதவீதம். நொய் சதவீதம் அரைத்த அரிசியின் எடைக்குக் கணக்கிடுவது: 58.4 ÷ 144.4 = 40 சதவீதம். ஒன்றின் அடிப்படை நெல், மற்றதன் அடிப்படை அரிசி. இரண்டையும் கூட்டினால் நூறு வராது, வரவும் கூடாது. 2024-25 பருவ அரசுக் கொள்முதலில் பச்சரிசிக்கு நொய் 25, புழுங்கலரிசிக்கு 16 சதவீதம் வரை என்று வரம்பு வைத்திருந்தது இந்த இரண்டாவது கணக்கில்தான். ஆக, இந்த நெல்லைப் பச்சரிசியாக அரைத்தால் வரம்புக்குள் வர வழியே இல்லை.

கொதிநீரில் போன முதல் ஐந்து கிலோ

விரிசல் விட்ட நெல்லைக் காப்பாற்றப் புழுக்கல் ஒரு வழி. ஊறி நீர் ஏறிய மணியை ஆவியில் வேகவைக்கும்போது மாவுச்சத்து கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பழைய விரிசல்களின் இரு பக்கமும் சேர்ந்து, காய்ந்ததும் மணி ஒரே கட்டியாகிவிடும். நடுவில் வெள்ளையாகத் தெரியும் பொருக்குப் பகுதியும் மறைந்து கண்ணாடி போல ஆகும். புழுங்கலரிசி பச்சரிசியைவிடக் கடினமாக இருப்பது இதனால்தான்.

ஊறவைக்க இரண்டு வழி உண்டு. பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் போடுவது பழைய முறை. அதில் தண்ணீர் புளித்து, அரிசிக்கு ஒரு வாடை வந்துவிடும். சுடுநீரில் 70 டிகிரி அளவில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைப்பது மற்றது. இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். ஆனால் 70 டிகிரி தண்ணீரை ஊற்றினால் குளிர்ந்த நெல் அதைக் கீழே இறக்கிவிடுமே என்று நினைத்து, கொதிக்கக் கொதிக்க ஆறு லிட்டரை ஐந்து கிலோ நெல்லில் ஊற்றி மூடிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் பாதி நெல் உமியை விரித்து வாயைத் திறந்திருக்கிறது, தண்ணீர் கஞ்சி போல இருக்கிறது. அந்த ஐந்து கிலோவும் மாட்டுக்குப் போனது.

கணக்குப் போட்டிருந்தால் தப்பித்திருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ நெல்லுக்குச் சுமார் 1.7 போதும். தண்ணீரின் கையே ஓங்கி நிற்கும். ஆறு லிட்டர் 98 டிகிரித் தண்ணீரும் 30 டிகிரியில் உள்ள ஐந்து கிலோ நெல்லும் கலந்தால் என்ன ஆகும்?

```
(6 × 4.18 × 98 + 5 × 1.7 × 30) ÷ (6 × 4.18 + 5 × 1.7) = 80.8
(6 × 4.18 × 85 + 5 × 1.7 × 30) ÷ (6 × 4.18 + 5 × 1.7) = 71.1
```

முதல் வரி நான் செய்தது. 80 டிகிரியில் மணியின் மாவுச்சத்து ஊறும்போதே கூழாக ஆரம்பித்துவிடுகிறது. கூழாகாத மாவு 30 சதவீத ஈரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் தண்ணீர் குடிப்பதை ஏறக்குறைய நிறுத்திக்கொள்ளும். கூழான மாவு நிறுத்தாது, உமி பிளக்கும்வரை உப்பிக்கொண்டே போகும். இரண்டாவது வரி நான் அடுத்த முறை செய்தது. 85 டிகிரித் தண்ணீரை ஊற்றி, கிளறிவிட்டுப் பார்த்தபோது நெல்லுக்கு நடுவே வெப்பமானி 69 காட்டியது. மீதி இரண்டு டிகிரியைப் பாத்திரம் வாங்கிக்கொண்டது. அண்டாவைச் சாக்கால் சுற்றி மூடினேன். இடையில் ஒருமுறை தண்ணீரை வடித்துச் சூடாக்கி மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது.

தராசு ஒன்று போதும்

ஊறியது போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈரமானி இவ்வளவு நனைந்த நெல்லுக்கு உதவாது. அடுப்பில் உலர்த்திப் பார்க்கலாம், அதற்குள் நெல் கெட்டுவிடும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு சாதாரணத் தராசும் ஒரு வரிக் கணக்கும்தான்.

ஐந்து கிலோ நெல், ஆரம்ப ஈரம் 13 சதவீதம். அப்படியானால் அதில் தண்ணீர் அல்லாத பொருள் 4.35 கிலோ. இந்த 4.35 ஊறினாலும் வெந்தாலும் காய்ந்தாலும் ஏறக்குறைய மாறாது. ஆகவே எந்த நேரத்திலும் மொத்த எடையைப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடலாம். 30 சதவீதம் ஈரம் என்றால் மீதி 70 சதவீதம் உலர் பொருள்; 4.35 ÷ 0.70 = 6.21 கிலோ. மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு வடித்து, மேல் ஈரத்தைத் துணியில் ஒற்றி நிறுத்தபோது 6.2 கிலோ இருந்தது. சந்தேகத்துக்கு இருபது மணியைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். நடுவில் காய்ந்த வெள்ளைப் பொட்டு தெரிந்தால் தண்ணீர் இன்னும் அங்கே போகவில்லை என்று பொருள். அந்தப் பொட்டு ஆவியிலும் வேகாது, அரிசியில் வெள்ளை வயிறாக நின்று அரைக்கும்போது அங்கேயே முறியும். எனக்கு ஒரே ஒரு மணியில் இருந்தது. சரி என்று ஆவிக்கு ஏற்றினேன்.

பெரிய அண்டாவின் அடியில் தண்ணீர், மேலே ஓட்டைத் தட்டு, அதன்மேல் துணி, அதன்மேல் நெல். மேற்பரப்பு முழுவதும் சீராக ஆவி வர ஆரம்பித்த பிறகு பன்னிரண்டு நிமிடம். உமியின் இரண்டு மடலும் சேரும் இடம் லேசாகக் கீறுவதுதான் அடையாளம். இறக்கி நிறுத்தால் 6.7 கிலோ. 4.35 ÷ 6.7 போட்டால் உலர் பொருள் 65 சதவீதம், ஈரம் 35. எல்லாம் பாடத்தில் இருப்பது போலவே வந்திருந்தது.

ஒரே நாளில் காய்ந்த நெல்

விடுதி மொட்டை மாடியில் சிமெண்ட் தளம். பங்குனி முதல் வார வெயில். காலை ஒன்பது மணிக்கு நெல்லை மெல்லிசாகப் பரப்பினேன், அரை மணிக்கு ஒருமுறை காலால் உழுதுவிட்டேன். மதியம் தளத்தின் சூடு 50 டிகிரியைத் தாண்டியது. மாலை நான்கு மணிக்கு ஈரமானி 11 என்றது, எடையும் 4.9 கிலோ. ஒரே நாளில் முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சி. இரண்டு நாள் கழித்து அரைத்தேன்.

200 கிராம் நெல், 158 பழுப்பரிசி, 145.4 அரிசி, அதில் முழு அரிசி 98. மீட்பு 49 சதவீதம். நொய் 33 சதவீதம்.

பச்சரிசியின் 43-ஐவிட ஆறு சதவீதம்தான் கூடியிருக்கிறது. இவ்வளவு விறகு, இவ்வளவு தண்ணீர், ஒரு நாள் உழைப்புக்கு ஆறு சதவீதம். அரிசி கண்ணாடி போல நன்றாக வெந்துதான் இருக்கிறது, ஆனால் உடைந்திருக்கிறது. பாலிஷர் கல் தேய்ந்துவிட்டதோ என்று முதலில் அதைச் சந்தேகித்தேன். இரண்டு நாள் அதிலேயே போயிற்று: கல்லுக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளியை மாற்றினேன், நேரத்தைக் குறைத்தேன்.

நேரத்தைக் குறைத்ததும் நொய் குறைந்தது. விடை கிடைத்துவிட்டது என்று எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். நல்ல வேளையாகத் தவிட்டை நிறுத்துப் பார்த்தேன். பழுப்பரிசியில் 8 சதவீதம் போக வேண்டிய இடத்தில் 5 சதவீதம்தான் போயிருந்தது. புழுங்கலில் தவிடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணெய்ப் பிசுக்கோடு சல்லடையிலும் அடைக்கும். பச்சரிசிக்குக் கொடுத்த அதே நொடிகளைக் கொடுத்தாலே புழுங்கல் குறைவாகத்தான் தீட்டப்படும். குறைவாகத் தீட்டிய அரிசியில் முழு அரிசி எப்போதும் கூடுதலாகத்தான் வரும், அதற்கும் அரிசியின் உறுதிக்கும் சம்பந்தம் இல்லை. இந்த ஆய்வை யார் செய்தாலும், இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது நொடியைச் சமமாக வைக்காதீர்கள். போகும் தவிட்டைச் சமமாக வையுங்கள். இந்தப் பதிவில் உள்ள எல்லா எண்களும் பழுப்பரிசியில் 8 சதவீதம் தவிடு போகும்வரை தீட்டியவை. புழுங்கலுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் பிடித்தது.

களத்து மேஸ்திரி

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இந்த அரிசியை எடுத்துப் போனேன். எங்கள் ஊர் மில்லில் முப்பது வருடமாகக் களம் பார்க்கும் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். கையில் வாங்கி, நொய்யின் முறிந்த பக்கத்தைப் பார்த்தார்.

"அவியல் நல்லாத்தான் இருக்கு தம்பி. எத்தனை நாள் காயவச்சீங்க?"

"ஒரே நாள் அண்ணே. சாயந்திரமே பதினொண்ணுக்கு வந்துடுச்சு."

"குமிச்சு வைக்கலையா? மதியமே அள்ளிக் குமிச்சு, சாக்கைப் போட்டு மூடி, மறுநாள்ல காயவைக்கணும். ஒரே மூச்சா காயவச்ச நெல்லு ராத்திரியில வெடிக்கும். காது வச்சுக் கேட்டா சில நேரம் சத்தம்கூடக் கேக்கும்."

சத்தம் எனக்குக் கேட்டதில்லை. ஆனால் 'ராத்திரியில வெடிக்கும்' என்றது மனத்தில் நின்றது. அது உண்மை என்றால் எண்ணிப் பார்த்துவிடலாம். களத்திலிருந்து அள்ளும்போது ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை.

ஒரே அவியல், இரண்டு காய்ச்சல்

இன்னொரு ஐந்து கிலோவை அதே மாதிரி ஊறவைத்து, அதே அண்டாவில் அவித்து, சரிபாதியாகப் பிரித்தேன். ஒவ்வொரு பாதியிலும் உலர் பொருள் 2.175 கிலோ. முதல் முறை 11 வரை காயவிட்டதும் ஒரு தவறுதான், அதனால் இந்த முறை இரண்டு பாதிக்கும் இலக்கு 13 சதவீதம், அதாவது 2.5 கிலோ. 'அ' பாதி ஒரே மூச்சில் அந்த எடை வரும்வரை வெயிலில். 'ஆ' பாதி 2.62 கிலோ வந்ததும் நிறுத்தம். அது 17 சதவீதம் ஈரம்.

காலை ஒன்பதுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினேன். பதினொன்றரைக்குப் பிறகு அரை மணிக்கு ஒருமுறை முழுப் பாதியையும் அள்ளி நிறுத்தேன். ஒன்றேகாலுக்கு 'ஆ' 2.62-ஐத் தொட்டது. சூடாக இருக்கும்போதே அட்டைப் பெட்டியில் குவித்து, சாக்கால் மூடி அறைக்குள் வைத்தேன். 'அ' மூன்றரை மணிக்கு 2.5 கிலோவுக்கு வந்தது. அள்ளிய உடனே அதிலிருந்து நூறு மணியை உரித்து விளக்கில் பார்த்தேன். 6 மணிகளில் மட்டும் கோடு. மேஸ்திரி சொன்னது தவறோ என்று தோன்றியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே 'அ' குவியலிலிருந்து வேறு நூறு மணி. 29 மணிகளில் கோடு. இரவில் அந்த நெல்லை யாரும் தொடவில்லை; வெயில் இல்லை, மில் இல்லை.

நடந்தது இதுதான். வெயிலில் காயும்போது மணியின் வெளிப்புறம் முதலில் காய்கிறது, நடுவில் ஈரம் நிற்கிறது. சராசரி 13 என்று தராசு சொன்னாலும் வெளியே 10 இருக்கலாம், நடுவே 16 இருக்கலாம். அள்ளி நிறுத்தியதும் நடுவின் ஈரம் மெல்ல வெளியே நகர்கிறது. நடு சுருங்குகிறது, வெளிப்புறம் உப்புகிறது. வயலில் பனி செய்த அதே இழுப்புதான், ஈரம் மட்டும் வெளியிலிருந்து வராமல் உள்ளிருந்து வருகிறது. மணி ஏற்கெனவே காய்ந்து விறைத்துவிட்டதால் வளைந்து கொடுக்க முடியாமல் கீறுகிறது. இந்த நகர்வுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் அள்ளிய உடனே எண்ணினால் ஒன்றும் தெரிவதில்லை, மறுநாள் எண்ணினால் தெரிகிறது. முதல் முறை நான் மாலையில் விரிசல் பார்த்திருந்தால் 'நெல்லில் குறை இல்லை, பாலிஷர்தான் காரணம்' என்றே எழுதி முடித்திருப்பேன்.

'ஆ' குவியல் இரவு முழுவதும் மூடியிருந்தது. அதிலும் ஈரம் நடுவிலிருந்து வெளியே நகர்ந்ததுதான். ஆனால் 17 சதவீதத்தில், அதுவும் சூடாக இருக்கும்போது, மணி இன்னும் இளக்கமாக இருக்கிறது; நகர்வைத் தாங்கிக்கொள்கிறது. காலையில் எடுத்தபோது பெட்டியின் உட்புறம் லேசாக வேர்த்திருந்தது. ஈரம் உள்ளும் புறமும் சமமாகிவிட்ட அந்த நெல்லை மறுநாள் வராந்தா நிழலில் காற்றாடப் பரப்பி, மாலைக்குள் 2.5 கிலோவுக்கு இறக்கினேன். ஒரு நாள் விட்டு எண்ணினேன். நூற்றில் 4.

நான்கு என்பதை ஆரம்பத்தில் எண்ணிய 38-உடன் சேர்த்துப் பாருங்கள். வயலில் பனி போட்ட விரிசல்களை அவியல் உண்மையிலேயே ஒட்டியிருக்கிறது. 'அ' பாதியிலும் அதே அளவு ஒட்டித்தான் இருக்க வேண்டும். ஒட்டியதை அந்த ஒரு மதிய வெயில் மறுபடி பிளந்துவிட்டது.

அரைத்த கணக்கு: 'அ' பாதியில் 200 கிராமுக்கு அரிசி 145.2, முழு அரிசி 110. மீட்பு 55 சதவீதம், நொய் 24. 'ஆ' பாதியில் அரிசி 145.3, முழு அரிசி 133, மீட்பு 66.5 சதவீதம், நொய் 8.5. மொத்த அரிசி எடையில் வித்தியாசமே இல்லை. அதே ஊறல், அதே ஆவி, அதே கல். ஒரு குவியல் ஓர் இரவு மூடிக் கிடந்து, மறுநாள் நிழலில் காய்ந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கடைசி கால் கிலோ

இரண்டு நாள் காயவைப்பது என்றால் களம் இரண்டு மடங்கு வேண்டுமே என்று நண்பன் கேட்டான். எண்ணைப் பார்த்தால் அப்படி இல்லை. ஐந்து கிலோ நெல் அவிந்து இறங்கும்போது 6.7 கிலோ. 17 சதவீதத்தில் 5.24 கிலோ. 13 சதவீதத்தில் 5 கிலோ. அதாவது வெளியேற வேண்டிய 1.7 கிலோ தண்ணீரில் ஏறக்குறைய ஏழில் ஆறு பங்கு 17-க்கு முன்பே போய்விடுகிறது. அந்தக் கட்டம் முழுவதும் நெல்லை வெயிலில் வேகமாகக் காயவைக்கலாம், ஒன்றும் ஆகாது. ஆபத்து இருப்பது கடைசி 240 கிராம் தண்ணீரில் மட்டும். அதற்கு முன்னால் குவித்து வைக்கும் நேரத்தில் களம் காலியாகிறது. மதியம் அடுத்த அவியலைப் பரப்பிக்கொள்ளலாம். எங்கள் ஊர் மில்லில் மதியத்துக்கு மேல் களத்து ஓரங்களில் தார்ப்பாய் போட்ட குவியல்கள் நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மழைக்குப் பயந்து மூடுகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எந்த ஈரத்தில் குவிக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் இடம் உண்டு. 16-லிருந்து 18 வரை பரவாயில்லை. 20-க்கு மேல் குவித்தால் பிறகு காய வேண்டியது நிறைய இருக்கும், விரிசலுக்கு வாய்ப்பு மறுபடி வரும். மூட்டம் போட்டு வாடையும் வரும். 15-க்குக் கீழே போனபின் குவித்தால் காலம் கடந்துவிட்டது, உள்ளே வெடிக்க ஆரம்பித்திருக்கும். மேஸ்திரி இதைத் தராசு இல்லாமல் பல்லால் பார்க்கிறார். கடித்தால் மணி ரப்பர் போல அழுந்தி, பிறகு விட்டுக்கொடுத்தால் குவிக்கும் பதம். 'நறுக்'கென்று ஒடிந்தால் தாண்டிவிட்டது. நான் 'ஆ' குவியலிலிருந்து பத்து மணி கடித்துப் பார்த்துவைத்திருக்கிறேன், 17 சதவீதம் பல்லுக்கு எப்படி இருக்கும் என்று இப்போது ஓரளவு தெரியும்.

ஈரமானியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். களத்திலிருந்து அள்ளிய சூட்டோடு 'அ' நெல்லை அதில் வைத்தபோது தராசுக் கணக்கைவிட ஒன்றரை சதவீதம் குறைத்துக் காட்டியது. மறுநாள் காலை அதே நெல்லில் இரண்டும் ஒத்துப்போயின. காய்ந்த வெளிப்புறத்தைத்தான் அது முதலில் பார்க்கிறது. குவிக்கும் நேரத்தை இந்தக் கருவியை நம்பி முடிவுசெய்தால் ஈரமாகவே குவித்துவிடுவீர்கள். ஐந்து கிலோ வேலைக்கு முழுவதையும் நிறுப்பது எளிது. பெரிய களத்தில் ஒரு கம்பிவலைத் தட்டில் ஒரு கிலோவை மற்ற நெல்லோடே நடுக்களத்தில் வைத்து, அதை மட்டும் நிறுத்துக்கொண்டிருக்கலாம். தட்டில் உள்ள நெல்லையும் மற்ற நெல்லைப் போலவே உழுதுவிட வேண்டும், கனமும் அதே அளவு இருக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு எல்லைகள் உண்டு. பொன்மணி தடித்த மணி, நடுவிலிருந்து வெளியே ஈரம் வர அதிக தூரம். சன்ன ரகத்தில் 'அ' பாதி இவ்வளவு மோசமாக உடைந்திருக்காது. ஆய்வக பாலிஷர் 200 கிராமை ஒரே மூச்சில் தீட்டுகிறது. மில்லில் இரண்டு மூன்று கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டுவார்கள், ஆனால் வாளி ஏற்றியிலும் குழாயிலும் விழுந்து எழும் அடியும் சேரும். அதனால் 66.5 என்ற எண்ணை மில்லில் எதிர்பார்க்கக் கூடாது. 'அ'-வுக்கும் 'ஆ'-வுக்கும் நடுவே உள்ள பதினொன்றரை சதவீதத்தைத்தான் நான் நம்புகிறேன், ஏனென்றால் அங்கே மாறியது காய்ச்சல் ஒன்றுதான். இரண்டிலும் மூன்று மூன்று முறை அரைத்தேன், எண்கள் ஒரு சதவீதத்துக்குள் நின்றன.

சித்தப்பாவுக்கு விளக்கு வைத்த கண்ணாடித் தகட்டையே எடுத்துப்போய்க் காட்டினேன். பச்சை நெல்லில் நூற்றுக்கு 38, கோடுகளோடு. குனிந்து வெகுநேரம் பார்த்தார். மீதி மூட்டைகளைப் பச்சரிசியாக அரைக்க வேண்டாம், அவித்துவிடலாம் என்று முடிவாயிற்று. அடுத்த சம்பாவுக்குக் கதிரில் ஈரம் 20-க்குப் பக்கத்தில் இருக்கும்போதே அறுத்துக் களத்தில் காயவைக்க, அறுவடை இயந்திரத்துக்குப் பொங்கலுக்கு முன்பே சொல்லிவைப்பதாகச் சொன்னார். அவியலுக்கு நானும் போயிருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேஸ்திரி நான்கு மணி நெல்லை வாயில் போட்டுக் கடித்தார், என்னிடமும் இரண்டு மணி நீட்டினார். அழுந்தி, பிறகு விட்டது. "அள்ளுங்கப்பா" என்றார்.